ஆள் தேவை: சம்பளம் இவ்வளவு, நேரம் இது

எந்த ஊர்க் கடைவீதியில் நடந்தாலும் ஷட்டர் ஓரத்திலோ கண்ணாடிக் கதவிலோ ஒரு தாள் ஒட்டியிருக்கும். ‘வேலைக்கு ஆள் தேவை. தகுந்த சம்பளம் வழங்கப்படும். நேரில் வரவும்.’ கீழே ஒரு செல்பேசி எண். மளிகைக் கடை, ஜவுளிக் கடை, மருந்துக் கடை, பேக்கரி என எல்லாக் கடைக்கும் இதே வாசகம்தான். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனால் தாள் மட்டும் புதிதாக மாறியிருக்கும், வாசகம் மாறியிருக்காது. வந்த ஆள் நிற்கவில்லை, மறுபடியும் ஆள் தேடுகிறார்கள்.

அந்தத் தாளைப் பார்க்கும் பெண் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பக்கத்து கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர், வயது நாற்பது, பத்தாவது வரை படித்தவர். அவருக்குத் தெரிய வேண்டியவை மூன்றே மூன்று. கடையில் என்ன செய்யச் சொல்வார்கள்? மாதம் எவ்வளவு கையில் கிடைக்கும்? ராத்திரி கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியுமா? தாளில் மூன்றுக்கும் பதில் இல்லை. உள்ளே போய்க் கேட்டால், கல்லாவில் வாடிக்கையாளர்கள் நிற்கும்போது சம்பளத்தைப் பற்றிப் பேச முதலாளிக்கும் சங்கடம், அவருக்கும் சங்கடம். ‘வாங்க, ரெண்டு நாள் வேலை பார்க்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்’ என்று முடிந்துவிடும். அந்த இரண்டு நாளில் விவரம் தெரிந்து அவர் நின்றுவிட்டால் கடைக்கும் நஷ்டம், அவருக்கும் நஷ்டம்.

முதலாளிகள் சம்பளத்தை எழுதாமல் விடுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அவர்களே வெளிப்படையாகச் சொல்லும் காரணங்கள்தான். புது ஆளுக்கு இவ்வளவு என்று எழுதி ஒட்டினால், ஐந்து வருஷமாக இருக்கும் பழைய ஆள் அதைப் பார்த்துவிட்டு ‘எனக்கும் கூட்டிக் கொடுங்க’ என்பார். எதிர்க்கடைக்காரர் பார்த்துவிட்டு ஐந்நூறு ரூபாய் அதிகம் சொல்லி ஆளை இழுப்பார். குறைந்த சம்பளத்துக்கே ஒத்துக்கொள்ளும் ஆள் வந்தால் எழுதிய தொகையைக் கொடுத்தாக வேண்டும். நாளிதழ் வரி விளம்பரம் என்றால் இன்னொரு காரணமும் சேரும்: அங்கே வரிக்குக் காசு. ஆனால் கடை வாசலில் ஒட்டும் தாளுக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடும் படத்துக்கும் வரிக்கணக்கு கிடையாது. பழைய ஆள் கூட்டிக் கேட்பார் என்பது, அவருக்குக் குறைவாகக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே சொல்லும் காரணம். அதற்கு மருந்து அவர் சம்பளத்தைச் சரிசெய்வது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பல கடைகளில் வேலை நேரம் எவ்வளவு என்று முதலாளியே கணக்குப் போட்டதில்லை. ‘கடை திறக்கிறதிலேர்ந்து சாத்துற வரைக்கும்’ என்பதுதான் அவர் மனத்தில் இருக்கும் நேரம். அதைத் தாளில் எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும். தெளிவான விளம்பரம் எழுதுவது கடையின் ஒரு நாளை மணிக்கணக்காகப் பிரித்துப் பார்க்கும் வேலை. அந்தக் கணக்கு முடிந்துவிட்டால் விளம்பரம் தானாக வந்துவிடும். முடியாவிட்டால் எவ்வளவு நல்ல தமிழில் எழுதினாலும் அது மழுப்பலாகத்தான் இருக்கும்.

ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்த கடைதான், ஆனால் மாவட்டத் தலைநகர் ஒன்றில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒரு கடை நிச்சயம் இருக்கும். காலை 7 மணிக்குத் திறக்கிறார்கள், இரவு ஒன்பதேகால், ஒன்பதரைக்குச் சாத்துகிறார்கள். முதலாளி நாள் முழுக்க இருப்பார். அவர் மனைவி மத்தியானத்திலும் மாலையிலும் கல்லாவில் உட்காருவார். பழைய ஆள் ஒருவர் இருக்கிறார், உள்ளூர்க்காரர். இன்னொருவர் வேண்டும். முதலாளி முதலில் எழுதிய தாள் இது: ‘மளிகைக் கடைக்கு ஆள் தேவை. வயது 18-30. நல்ல சம்பளம். மதிய சாப்பாடு உண்டு.’ அவர் மனத்தில் இருப்பது: காலை எட்டரைக்கு வர வேண்டும், கடை சாத்திய பிறகு போகலாம், நடுவில் சாப்பிட அரை மணி. மாதம் 15,600 ரூபாய் தரலாம்.

இதைப் பிரித்துப் பாருங்கள். எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை 13 மணி நேரம். அரை மணி போனால் பன்னிரண்டரை மணி நேர வேலை. வாரம் ஒரு நாள் விடுமுறை போக மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வைத்தால் ஒரு நாள் கூலி 600 ரூபாய். பன்னிரண்டரை மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 48 ரூபாய். இதே 600 ரூபாயை எட்டு மணி நேர வேலைக்குக் கொடுத்தால் மணிக்கு 75 ரூபாய். முதலாளி ‘நல்ல சம்பளம்’ என்று மனதாரத்தான் எழுதினார். வேலைக்கு வருபவர் ஒரே மாதத்தில் தன் உடம்பால் அந்த 48 ரூபாயைக் கண்டுபிடித்துவிடுவார்.

சட்டக் கணக்கு இதைவிடக் கறார். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் ஆண்டே வந்தது. கடையில் வேலை செய்பவருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அது வரையறுத்திருக்கிறது. மிகைநேரம் சேர்த்தாலும் நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி. நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் இடையில் ஒரு மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். வந்த நேரத்திலிருந்து போகும் நேரம் வரை, ஓய்வையும் சேர்த்து, 12 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். வாரத்தில் ஒரு முழுநாள் விடுமுறை, அதற்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. முதலாளியின் குடும்பத்தாருக்கு இது பொருந்தாது, ஆகவே அவரும் மனைவியும் எத்தனை மணி நேரம் இருந்தாலும் அது அவர்கள் விருப்பம். வேலைக்கு வரும் ஒற்றை ஆளுக்கு, ஒரே ஒரு ஆள் உள்ள பெட்டிக்கடையாக இருந்தாலும், இந்த நேரக்கணக்கு உண்டு. நம் முதலாளியின் திட்டம் இதில் எந்த இடத்திலும் பொருந்தவில்லை. பன்னிரண்டரை மணி நேர வேலைக்குக் கூடுதல் பணம் கொடுத்தாலும் அது செல்லாது.

இந்த இடத்தில் பெரும்பாலான கடைக்காரர்கள் ‘சட்டம் பார்த்தா கடை நடத்த முடியுமா?’ என்று சலித்துக்கொள்வார்கள். முடியும். கடையில் எந்த நேரத்துக்கு எத்தனை கை வேண்டும் என்று பார்த்தால் போதும். நம் கடையில் காலை ஏழிலிருந்து பத்து வரை பால், தோசை மாவு, காபித்தூள் வாங்க வரும் கூட்டம். பதினொன்றிலிருந்து மத்தியானம் மூன்று வரை ஈ ஓட்டலாம். மூன்று மணிவாக்கில் மொத்த வியாபாரியிடமிருந்து சரக்கு வண்டி வரும். மாலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரைதான் உண்மையான வியாபாரம். அப்படியானால் இரண்டு ஆட்களும் காலை எட்டரையிலிருந்து சேர்ந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

பழைய ஆள் வீடு பக்கத்துத் தெருவில். அவர் காலை 7 முதல் 11 வரை வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, படுத்தெழுந்து, மூன்று மணிக்கு வந்து ஏழு மணி வரை இருக்கிறார். எட்டு மணி நேரம் ஆயிற்று, காலை ஏழிலிருந்து மாலை ஏழுக்குள் பன்னிரண்டு மணி நேரத்தில் அடங்கியும் விட்டது. அவருக்கும் இது சம்மதம். புதிதாக வருபவருக்கு மதியம் பன்னிரண்டரைக்கு வேலை தொடங்குகிறது. நாலரை வரை பார்க்கிறார், நாலரையிலிருந்து ஐந்தரை வரை ஓய்வு, பிறகு ஒன்பதரை வரை. அவருக்கும் எட்டு மணி நேரம். மூன்று மணிக்குச் சரக்கு இறங்கும்போது இருவரும் இருக்கிறார்கள். ஐந்தரையிலிருந்து ஏழு வரை கூட்டம் கூடும்போதும் இருவரும் இருக்கிறார்கள். ஏழுக்கு மேல் புதியவர், முதலாளி, அவர் மனைவி மூன்று பேர் போதும். முன்பு இரண்டு ஆட்களையும் பன்னிரண்டரை மணி நேரம் வைத்திருந்தால் மத்தியானம் நான்கு மணி நேரம் இரண்டு பேரும் அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டு செல்பேசி பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தைத்தான் வெட்டியிருக்கிறோம், வியாபாரத்தை வெட்டவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் முதலாளி விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கடை சாத்தும் நேரம் வேறு, ஆள் வீட்டுக்குக் கிளம்பும் நேரம் வேறு. ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கினால், அதற்குப் பிறகு வெளியே வைத்த சாக்குகளை உள்ளே இழுத்து, தரையைக் கூட்டி, தராசைத் துடைத்து, வெளியே வர பதினைந்து இருபது நிமிஷம் ஆகும். தினமும் இந்த இருபது நிமிஷம் கணக்கில் வராமல் போனால் மாதத்துக்கு எட்டரை மணி நேரத்துக்கு மேல் வந்துவிடும், அதாவது ஒரு முழு நாளுக்கு மேல் சும்மா வேலை. வேலை விளம்பரங்களில் சண்டைக்கு முதல் விதை இங்கேதான் விழுகிறது. அதனால் விற்பனையை ஒன்பதேகாலுக்கு நிறுத்துவது, ஒன்பதரைக்கு ஆளை அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. கடைசி டவுன் பஸ் பத்து மணிக்கு என்றால் பக்கத்து ஊர்ப் பெண் ஒருவரும் இந்த வேலைக்கு வரலாம். பத்து நிமிஷம் தள்ளினால் வர முடியாது. விளம்பரத்தில் நேரம் எழுதினால் யார் யார் வரலாம் என்பதும் சேர்ந்து முடிவாகிறது.

மாதத்தின் முதல் வாரத்திலும் தீபாவளி, பொங்கல் சமயத்திலும் கூடுதல் நேரம் தேவைப்படும். அதையும் இப்போதே எழுதிவிடலாம். ஒரு மணி நேரச் சம்பளம் 75 ரூபாய், மிகைநேரத்துக்கு இரட்டிப்பு, ஆக 150 ரூபாய். அன்று பன்னிரண்டரைக்குப் பதில் பதினொன்றரைக்கு வரச் சொல்லலாம், ஓய்வு மூன்றரையிலிருந்து நாலரைக்கு மாறும். வாரத்துக்கு 54 மணி நேரம்தான் எல்லை என்பதால் அதிகபட்சம் ஆறு மணி நேரம், 900 ரூபாய். முதலாளி மனத்தில் ‘பண்டிகைக்கு ஏதாவது பாத்துக் குடுக்கலாம்’ என்று இருந்தது இப்போது ஓர் எண்ணாக ஆகிவிட்டது. அது அவருக்கும் நல்லதுதான். எந்த நாளுக்குக் கூடுதல் ஆள் நேரம் வாங்கினால் கட்டுப்படியாகும் என்று அவரே பார்த்துக்கொள்ளலாம்.

சம்பளத்துக்கு வருவோம். 15,600 என்பது எடுத்துக்காட்டுத் தொகை. எழுதுவதற்கு முன் முதலாளி பார்க்க வேண்டியது, கடைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகை அது. விலைவாசிப் புள்ளியைப் பொறுத்து பஞ்சப்படி ஒவ்வோர் ஏப்ரலிலும் மாறும். போன வருஷத் தாளையே எடுத்து ஒட்டும் கடைக்காரர், தனக்குத் தெரியாமலேயே அதற்குக் கீழே போய்விடலாம். தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டால் அந்த வருஷத் தொகையைச் சொல்வார்கள். மதிய சாப்பாடு கொடுக்கிறோம் என்பதற்காக அதில் குறைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். சாப்பாட்டைச் சம்பளத்துக்கு மேலே வைத்து, ‘இலவசம், சம்பளத்தில் பிடிக்க மாட்டோம்’ என்று ஒரு வரி எழுதுவது நல்லது. ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு ஒரு தொகை என்று பல கடைகளில் பேசாமலே நடக்கிறது. ஒரே வேலைக்கு அப்படிக் கொடுப்பது சட்டப்படியும் தப்பு, நியாயப்படியும் தப்பு. ‘பெண்கள் மட்டும்’ என்று வரும் விளம்பரங்களில் பாதி, குறைத்துக் கொடுக்கலாம் என்ற எண்ணத்தில் எழுதப்படுகின்றன என்றே நான் நினைக்கிறேன்.

‘20,000 வரை சம்பாதிக்கலாம்’ என்று எழுதுவார்கள். இந்த ‘வரை’ எங்கே தொடங்குகிறது என்று சொல்வதில்லை. விற்பனைக்கு ஏற்ற கமிஷனைச் சேர்த்து, தீபாவளி மாதத்தில் ஒருவர் ஒருமுறை வாங்கிய தொகையாக அது இருக்கும். நிச்சயமாகக் கிடைக்கும் தொகையை முதலில் எழுதி, கமிஷன் இருந்தால் அதைத் தனியாக, எப்படிக் கணக்கு என்பதோடு எழுத வேண்டும். 12,000 முதல் 18,000 என்று நீளமாக எழுதினால் வருபவர் 18-ஐ நினைத்து வருவார், முதலாளி 12-ஐ நினைத்து உட்கார்ந்திருப்பார். அனுபவத்துக்கு ஏற்பக் கூட்டித் தர நினைத்தால், ‘மளிகைக் கடையில் ஓராண்டு வேலை பார்த்தவருக்கு 16,500’ என்று இரண்டாவது எண்ணுக்குக் காரணத்தையும் சேர்த்து எழுதலாம்.

எழுதாமல் விடப்படும் இன்னொரு பழக்கம், முதல் மாதச் சம்பளத்தைப் பிடித்து வைப்பது. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடக் கூடாது என்பதற்காக என்பார்கள். அசல் சான்றிதழை வாங்கி வைப்பதும் இதே கணக்குத்தான். நிற்கிற ஆளுக்கு இது தேவையில்லை. நின்றுவிடப்போகிற ஆள் கடையில் ஏதோ பிடிக்காமல்தான் நிற்கிறார், சான்றிதழைப் பிடித்து வைத்தால் அந்தக் காரணம் போய்விடுமா? கல்லாவில் பணம் குறைந்தால் எல்லோர் சம்பளத்திலும் பங்கு போட்டுப் பிடிப்பதும் உண்டு. ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்த பணமோ பொருளோ அவருடைய கவனக்குறைவால் போயிருந்தால், அவர் விளக்கத்தைக் கேட்ட பிறகுதான், போன அளவுக்குள் பிடிக்கலாம். பொதுக் கல்லாவில் யார் கை பட்டது என்றே தெரியாமல் எல்லோரிடமும் பிடிப்பதற்கு இடமில்லை. நம் கடையில் கல்லாவில் முதலாளியும் அவர் மனைவியும் மட்டும்தான் உட்காருகிறார்கள். அதை விளம்பரத்தில் எழுதிவிட்டால் புது ஆளுக்குப் பாதி பயம் போய்விடும்.

வேலை என்ன என்பதில் எல்லோரும் கடைசியில் ‘இதர வேலைகள்’ என்று ஒன்றைச் சேர்த்துவிடுவார்கள். முதலாளி வீட்டுக்குச் சிலிண்டர் தூக்கிப் போவதும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருவதும் இதற்குள்ளேதான் நுழைகின்றன. உண்மையான வேலைகளைச் சொல்லிப் பாருங்கள், அவ்வளவு ஒன்றும் அதிகமில்லை. பருப்பு, சர்க்கரை, மிளகாய்வற்றல் எடை போட்டுப் பொட்டலம் கட்டுவது. வாட்ஸ்அப்பில் வரும் சாமான் சிட்டையைப் பார்த்து எடுத்து வைப்பது. தட்டில் குறைந்ததை நிரப்பி, காலாவதித் தேதி நெருங்கியதை முன்னால் வைப்பது. சரக்கு இறக்குவது. கடைசியில் கூட்டுவது.

இதில் சரக்கு இறக்குவதைத்தான் விவரமாக எழுத வேண்டும், ஏனென்றால் யாரால் வர முடியும் என்பதை அதுதான் முடிவுசெய்கிறது. இப்போது அரிசி பெரும்பாலும் 26 கிலோ மூட்டையில் வருகிறது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டலமிட்ட அரிசிக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு ஆலைகள் ஒரு கிலோ கூட்டிப் பிடித்த மூட்டை அது. அதை ஒருவர் தூக்கலாம். சர்க்கரை மூட்டை 50 கிலோ. அதை ஒருவராகத் தூக்கச் சொன்னால் இடுப்பு போய்விடும், நாற்பது வயதுப் பெண்ணால் முடியவே முடியாது. நம் கடையில் சரக்கு வண்டியோடு வரும் சுமைக்காரரே 50 கிலோ மூட்டையை உள்ளே இறக்கிவிடுகிறார். அப்படியென்றால் ‘50 கிலோ மூட்டை தூக்க வேண்டியதில்லை’ என்று எழுதலாமே. அந்த ஒரு வரியால் ‘18-30 வயது ஆண்’ என்ற நிபந்தனை தேவையில்லாமல் போகிறது. வீட்டு டெலிவரியும் இப்படித்தான். அதை எழுதினால் இருசக்கர வாகன உரிமம் வேண்டும், வண்டி யாருடையது, பெட்ரோல் யார் போடுவது என்ற கேள்விகள் பின்னாலேயே வரும். நம் கடையில் டெலிவரிக்குப் பழைய ஆள் போகிறார். ஆகவே புதியவருக்கு அது இல்லை, எழுத வேண்டியதும் இல்லை. வயதுக்கு ‘18 நிரம்பியவர்’ என்பது மட்டும் போதும். பள்ளிக்கூடம் போகிற பையனை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை, பதினான்கு வயது நிரம்பாத பிள்ளைகளைக் கடை வேலையில் வைப்பது குற்றம் என்று தெரிந்துகொண்டு, கைவிட்டுவிட வேண்டும்.

கடையில் உட்கார இடம் உண்டா என்று ஒரு வரி. 2010-இல் வந்த ‘அங்காடித் தெரு’ படத்தைப் பார்த்தவர்களுக்கு, ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நிற்பது எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் படம் வந்து பதினொரு வருஷம் கழித்து, 2021-இல், தமிழ்நாட்டின் கடைகள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலை செய்பவர்கள் இடையிடையே உட்கார இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பது அது. கேரளம் 2018-இலேயே இதைக் கொண்டுவந்துவிட்டது. நம் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் மேசைக்குப் பின்னால் இரண்டு ஸ்டூல் போட்டார்கள், அவ்வளவுதான் செலவு.

எல்லாம் சேர்த்து எழுதினால் தாள் இப்படி வருகிறது:

மளிகைக் கடைக்கு விற்பனை உதவியாளர் தேவை: ஒருவர் (ஆண் / பெண்)

இடம்: பழைய பேருந்து நிலையம் எதிரில்.

வேலை: எடை போட்டுப் பொட்டலம் கட்டுதல், சிட்டை பார்த்துச் சாமான் எடுத்து வைத்தல், தட்டு நிரப்புதல், கடை சாத்தும் முன் கூட்டுதல். 26 கிலோ மூட்டை வரை தூக்க வேண்டியிருக்கும், 50 கிலோ மூட்டை தூக்க வேண்டியதில்லை. கல்லாப் பொறுப்பு, வீட்டு டெலிவரி இல்லை.

நேரம்: மதியம் 12.30 முதல் இரவு 9.30 வரை. நடுவில் 4.30 முதல் 5.30 வரை ஓய்வு. வேலை நேரம் 8 மணி. விற்பனை 9.15-க்கு நிற்கும், 9.30-க்குக் கிளம்பலாம். வார விடுமுறை வியாழன், சம்பளம் பிடிக்கப்படாது.

சம்பளம்: மாதம் ரூ.15,600. மளிகைக் கடையில் ஓராண்டு வேலை பார்த்தவருக்கு ரூ.16,500. அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் வரும். முதல் மாதச் சம்பளம் பிடித்து வைக்கப்படாது. முன்பணம், அசல் சான்றிதழ் கேட்பதில்லை.

கூடுதல் நேரம்: மாத முதல் வாரத்திலும் பண்டிகைக் காலத்திலும் கேட்போம். மணிக்கு ரூ.150. ஓராண்டு அனுபவம் உள்ளவருக்கு அவர் சம்பளத்தின்படி இரட்டிப்பு.

மாலையில் டீ, சிற்றுண்டி கடைச் செலவு. உட்கார இருக்கை உண்டு.

தகுதி: 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். தமிழ் படிக்கத் தெரிய வேண்டும், கூட்டல் கழித்தல் தெரிய வேண்டும். அனுபவம் இல்லாவிட்டாலும் வரலாம்.

தொடர்புக்கு: பகல் 11 மணி முதல் 12.30 மணிக்குள் செல்பேசியில் அழைக்கவும் அல்லது நேரில் வரவும்.

கடைசி வரியைக் கவனியுங்கள். கூட்டம் இல்லாத நேரத்தைப் போட்டிருக்கிறார்கள். மாலை ஆறரைக்கு ஒருவர் அழைத்தால், தராசில் துவரம்பருப்பு கொட்டிக்கொண்டே முதலாளி ‘அப்புறம் பேசுங்க’ என்பார். அழைத்தவர் அதோடு விட்டுவிடுவார். மத்தியானச் சாப்பாடு என்று இருந்தது டீயும் சிற்றுண்டியும் ஆகியிருப்பதற்குக் காரணம், வேலை தொடங்குவதே பன்னிரண்டரைக்கு என்பதுதான். நேரம் மாறியதும் சலுகையும் மாற வேண்டும். பழைய தாளிலிருந்து ‘மதிய சாப்பாடு உண்டு’ என்பதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தால் வந்த அன்றே பேச்சு வந்திருக்கும்.

இது நீளமாகத் தெரியலாம். ஏ4 தாளில் பாதிகூட வராது. வாசலில் ஒட்ட இடம் இல்லாவிட்டால் மூன்று வரிக்குச் சுருக்கலாம், ஆனால் எதை வைத்துக்கொள்வது என்பதில் தவறக் கூடாது: ‘மளிகைக் கடைக்கு உதவியாளர். மதியம் 12.30 – இரவு 9.30 (1 மணி ஓய்வு), வியாழன் விடுமுறை, மாதம் ரூ.15,600. முழு விவரம் உள்ளே.’ வாட்ஸ்அப்பில் போடும்போது ஒரு சங்கடம் உண்டு. தாள் படமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆள் கிடைத்து மூன்று மாதம் ஆன பிறகும் அழைப்பு வரும். அதனால் மேலே தேதியும், ‘ஆள் கிடைக்கும் வரை, அல்லது இந்த மாதம் 30 வரை’ என்று கடைசி நாளும் போட வேண்டும்.

ஆள் வந்து பேசி முடித்த பிறகு அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் இரண்டு பிரதியில் வேலை தொடங்கும் தேதியை எழுதி, முதலாளியும் வேலைக்கு வருபவரும் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டால், கடை அளவுக்கு அதுவே நியமனக் கடிதம். அதில் விடுப்பு விவரத்தையும் சேர்த்துவிடலாம். ஓராண்டு முடிந்த பிறகு சம்பளத்தோடு 12 நாள் ஈட்டிய விடுப்பு, அது போக ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு, 12 நாள் உடல்நலமின்மை விடுப்பு என்று இதே கடைகள் சட்டம் சொல்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவரை நிறுத்துவதானால் தக்க காரணம் வேண்டும், ஒரு மாத முன்னறிவிப்போ ஒரு மாதச் சம்பளமோ தர வேண்டும்.

வேலை தேடுபவர்கள் பக்கம் ஒரு வார்த்தை. எந்த விளம்பரத்தைப் பார்த்துப் போனாலும் முதலில் அதைச் செல்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் எழுதாத தாளாக இருந்தால், அழைத்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி ‘சம்பளம் எவ்வளவு?’ மட்டும் அல்ல, ‘எத்தனை மணிக்கு வரணும், எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?’ என்பதும்தான். இரண்டையும் வைத்து மணிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். சேருவதற்கு முன் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சீருடைக்குப் பணம் என்று யார் கேட்டாலும் அங்கிருந்து வந்துவிடுங்கள், கடை வேலைக்கு ஆள் எடுப்பவர் பணம் கொடுப்பவர்தானே தவிர வாங்குபவர் அல்ல. கடையின் பெயரோ இடமோ இல்லாமல் செல்பேசி எண் மட்டும் உள்ள விளம்பரமும் அப்படித்தான், இடத்தைச் சொல்லும் வரை ஆதார் படத்தை அனுப்பாதீர்கள். பேசிய நேரத்துக்கு மேல் தினமும் நிறுத்தி வைத்தால், வந்த நேரத்தையும் போன நேரத்தையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். கேட்டும் சரியாகாவிட்டால் அந்த நோட்டையும் விளம்பரப் படத்தையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதித் தொழிலாளர் உதவி ஆய்வர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம், அதற்கு வக்கீல் தேவையில்லை.